டீம் வேலை பற்றிய நேர்காணல் கேள்விக்குச் சூழல், செயல், விளைவு என்ற முறையில் பதில் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

“டீமாகச் சேர்ந்து வேலை செய்த ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.”

நேர்காணலில் இந்தக் கேள்வி வந்ததும் பலருக்கு நிம்மதியாக இருக்கும். டீமில் வேலை செய்யாதவர் யார்? உடனே பதில் வந்துவிடும்: “நாங்கள் ஐந்து பேர். நேரம் குறைவாக இருந்தது. எல்லோரும் நன்றாக ஒத்துழைத்தோம். நடுவில் சில பிரச்சினைகள் வந்தன, பேசித் தீர்த்துக்கொண்டோம். கடைசியில் நல்லபடியாக முடித்துக் கொடுத்தோம்.”

நான் பல வருடங்களாக நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு பதில் வரும்போது கையில் பேனா இருக்கும், எழுத எதுவும் இருக்காது. ஐந்து பேர் என்ன செய்தார்கள் என்று ஓரளவு தெரிகிறது. எதிரில் இருப்பவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூடத் தெரியவில்லை. அவர் உண்மையிலேயே அந்த டீமைத் தூக்கி நிறுத்தியவராக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போட முடியும்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு சிக்கலைப் பற்றியது. பலர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று, மற்றவர்களை மறைக்காமல், எப்படிச் சொல்வது? சூழல், செயல், விளைவு என்ற மூன்று பகுதி அமைப்பு இதற்கு நன்றாக உதவும். ஆனால் அமைப்பு தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குள் எதை வைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

கேட்பவர் எதைத் தேடுகிறார்

நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய ஆராய்ச்சியில் இருந்தார். ‘நல்ல விமானிக்கு என்ன குணம் வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, அப்போது சூழல் எப்படி இருந்தது, அந்த ஆள் சரியாக என்ன செய்தார், அது எப்படி உதவியது அல்லது கெடுத்தது என்று கேட்கும் வழியை அவரும் அவருடைய சகாக்களும் வளர்த்தார்கள். 1954-இல் அதை ஒரு முறையாக எழுதி வெளியிட்டார். சூழல், செயல், விளைவு என்ற மூன்றும் அந்தக் கேள்விகளிலேயே இருப்பதைக் கவனியுங்கள். இன்றைய நேர்காணல் அறையிலும் அதே மூன்றைத்தான் தேடுகிறார்கள்.

ஒழுங்காக நடத்தப்படும் நேர்காணலில் கேட்பவர் முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். ‘டீம் வேலை’ என்ற தலைப்பின் கீழ், எப்படிப்பட்ட நடத்தைக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்திருப்பார்கள். அதில் பொதுவாக வருபவை இவை: தகவலைத் தானாகப் பகிர்ந்துகொண்டாரா, கருத்து வேறுபட்டபோது அடுத்தவர் சொன்னதைக் கேட்டாரா, தன் தவறை ஒப்புக்கொண்டாரா, டீமின் வேலை முடிய தன் வேலையை மாற்றிக்கொண்டாரா. எல்லாமே ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றியவை. உங்கள் தொழில்திறமைக்கு இந்தத் தாளில் இடம் குறைவு. அதற்கு வேறு கேள்வி வரும்.

முதல் படி: சரியான சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய திட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய திட்டத்தில் ஆட்கள் அதிகம், மாதங்கள் அதிகம், முன்கதை அதிகம். இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லப்போனால் முன்கதையிலேயே நேரம் போய்விடும். ஒரு வாரத்தில், ஏன், ஒரே நாளில் நடந்து முடிந்த சின்னச் சம்பவம் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, உங்கள் வேலை அடுத்தவர் வேலையோடு பின்னிக் கிடந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகச் செய்து கடைசியில் ஒட்டியது டீம் வேலைக்கு நல்ல சான்று ஆகாது. இரண்டு, நடுவில் ஏதோ ஒன்று இடித்திருக்க வேண்டும். கருத்து வேறுபாடு, தவறான புரிதல், ஒருவர் பின்தங்கியது, இப்படி எதுவானாலும் சரி. எல்லாமே சுமுகமாகப் போன கதையில் நீங்கள் செய்ததாகச் சொல்ல எதுவும் இருக்காது.

தவிர்க்க வேண்டியதில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “மற்றவர்கள் கைவிட்டுவிட்டார்கள், கடைசியில் நானே இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தேன்” என்ற கதை அடிக்கடி வருகிறது. சொல்பவர் பெருமையோடு சொல்கிறார், அதில் உழைப்பும் இருக்கிறது. ஆனால் கேள்வி டீம் வேலை பற்றியது. இந்தக் கதையில் அவர் யாரிடமும் பேசவில்லை, யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்று கேட்கவும் இல்லை. பொறுப்புணர்வு பற்றிக் கேட்டிருந்தால் இது நல்ல பதில். டீம் வேலைக்கு இது குறைந்த மதிப்பெண்தான் வாங்கும்.

முடிந்தவரை இரண்டு மூன்று வருடத்துக்குள் நடந்ததாக எடுங்கள். பழைய சம்பவத்தில் விவரங்கள் மறந்திருக்கும், கிளைக்கேள்வி வந்தால் திணறுவீர்கள். இதுவரை வேலைக்கே போகாதவர் என்றால் கல்லூரித் திட்டம், விழா ஏற்பாடு, விளையாட்டு அணி என எதையும் எடுக்கலாம்.

ஓர் உதாரணம்: ஒரு பெண்ணின் முதல் வரைவு

என் தங்கையின் தோழி ஒருத்தி நேர்காணலுக்கு முன்னால் தன் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளர் பதிவுகளைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். அவள் எழுதியிருந்தது இது:

“எங்கள் நிறுவனத்தில் சாஃப்ட்வேர் மாற்றம் நடந்தபோது ஐந்து பேர் கொண்ட டீமில் இருந்தேன். பதிவுகளை ஏற்றும்போது நிறைய பிழைகள் வந்தன. தேதி வடிவத்தில் தவறு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோரும் சேர்ந்து திருத்தினோம். கெடுவுக்குள் வேலை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது. இதிலிருந்து ஒற்றுமையின் பலத்தைக் கற்றுக்கொண்டேன்.”

“கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறாயே, யார் கண்டுபிடித்தது?” என்று கேட்டேன்.

“நானும், ஏற்றுகிற வேலையைப் பார்த்த அண்ணனும் சேர்ந்துதான் அக்கா.”

“எப்படி?”

அதற்குப் பிறகு அவள் அரை மணி நேரம் பேசினாள். அருமையான கதை. அதில் ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

நடந்தது இதுதான். கிளைகளிலிருந்து வரும் ஃபைல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது அவள் வேலை. அவற்றைப் புதிய சாஃப்ட்வேரில் ஏற்றுவது சக ஊழியரின் வேலை. ஒரு கிளையின் 3,000 பதிவுகளை ஏற்றியபோது சுமார் 1,800 பதிவுகளை சாஃப்ட்வேர் மறுத்துவிட்டது. “ஃபைல் சரியில்லை” என்று அவர் குரூப்பில் எழுதினார். “மற்ற கிளைகளுக்குச் சரியாகத்தானே போனது, ஏற்றும் விதத்தைப் பாருங்கள்” என்று இவள் பதில் எழுதினாள். இன்னும் இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள். அன்று மாலைக்குள் அது சண்டையாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் குரூப்பில் எதுவும் எழுதாமல் நேராக அவர் இருக்கைக்குப் போனாள். மறுக்கப்பட்ட பதிவுகளில் ஒரு இருபதைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். இருபதிலும் தேதி 13 அல்லது அதற்கு மேல் இருந்தது. சாஃப்ட்வேர் நாளை முதலில், மாதத்தை அடுத்து எதிர்பார்த்தது. அந்தக் கிளை மாதத்தை முதலில் எழுதியிருந்தது. ஏப்ரல் 25 என்பது 04/25 என்று வந்ததும், 25-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் சாஃப்ட்வேர் மறுத்துவிட்டது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மறுக்கப்படாத 1,200 பதிவுகள்? ஏப்ரல் 3 என்பது 04/03 என்று வந்திருக்கும். அதை சாஃப்ட்வேர் மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே விட்டிருக்கும். அதாவது, பிழை காட்டிய பதிவுகளைவிட ஆபத்தானவை பிழை காட்டாத பதிவுகள். அந்தக் கிளையின் தேதி வடிவத்தை ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டியது அவள்தான். அதை டீம் லீடிடம் அவளே போய்ச் சொன்னாள்.

இத்தனையும் ‘தேதி வடிவத்தில் தவறு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிக்குள் புதைந்து கிடந்தது.

இரண்டாம் படி: வினைமுற்றுகளின் வாலைப் பாருங்கள்

இதற்குத் தமிழ் நமக்கு ஒரு வசதியைத் தந்திருக்கிறது. யார் செய்தார்கள் என்பது வினைமுற்றின் கடைசியிலேயே இருக்கிறது. ‘கேட்டேன்’ என்றால் நான், ‘கேட்டோம்’ என்றால் நாங்கள், ‘கேட்டார்’ என்றால் அவர். நேர்காணல் எந்த மொழியில் நடந்தாலும் பதிலை முதலில் தமிழில் எழுதிவிட்டு, ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் கோடு போடுங்கள்.

அவள் வரைவில் கோடு போட்டபோது தெரிந்தது: பிழைகள் ‘வந்தன’, தவறு ‘கண்டுபிடிக்கப்பட்டது’, எல்லோரும் ‘திருத்தினோம்’, வேலை ‘முடிக்கப்பட்டது’. ‘-ஏன்’ என்று முடிந்தவை இரண்டே இரண்டு: டீமில் ‘இருந்தேன்’, ஒற்றுமையின் பலத்தைக் ‘கற்றுக்கொண்டேன்’. இரண்டுமே செயல் இல்லை.

‘-ப்பட்டது’ என்று முடியும் ஒவ்வொன்றையும் முதலில் நிறுத்திக் கேளுங்கள்: யார் செய்தது? அவர் செய்திருந்தால் ‘அவர் கண்டுபிடித்தார்’ என்று எழுதுங்கள். நீங்கள் என்றால் ‘கண்டுபிடித்தேன்’. இருவரும் என்றால் ‘நானும் அவரும் கண்டுபிடித்தோம்’, அதோடு உங்கள் பங்கு எது என்று இன்னொரு வாக்கியம். இப்படிச் செய்ததும் பதில் தானாகவே நேர்மையாகிவிடுகிறது, ஏனென்றால் மற்றவர்கள் செய்ததும் அவர்கள் பெயரில் வந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. செயல் பகுதி முழுக்க ‘-ஏன்’ மட்டுமே இருந்தால், அது டீமில் நடந்த கதையாக இருக்காது. ‘நான் கண்டுபிடித்தேன், நான் திட்டமிட்டேன், நான் திருத்தினேன், நான் முடித்தேன்’ என்று போகும் பதிலில் மற்ற நான்கு பேரும் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டு விகிதம் சொல்ல முடியாது. ஆனால் செயல் பகுதியில் பெரும்பாலானவை ‘-ஏன்’ ஆகவும், நடுநடுவே இரண்டு மூன்று இடத்தில் ‘அவர் சொன்னார்’, ‘அவர் திருத்தினார்’ என்றும் இருந்தால் காதுக்குச் சரியாக இருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி. உங்கள் ‘-ஏன்’ வினைகளில் எத்தனை மனிதரை நோக்கியவை? ‘ஃபைலைத் திருத்தினேன்’ கணினியை நோக்கியது. ‘கேட்டேன்’, ‘சொன்னேன்’, ‘ஒப்புக்கொண்டேன்’, ‘விட்டுக்கொடுத்தேன்’, ‘அழைத்தேன்’ ஆகியவை மனிதரை நோக்கியவை. டீம் வேலைக்கான மதிப்பெண் தாளில் ஏறுபவை இவைதான். இவற்றில் குறைந்தது மூன்று இருக்கட்டும்.

மூன்றாம் படி: மூன்று பகுதிகளையும் எழுதுவது

முழுப் பதிலும் இரண்டு நிமிடம், மிஞ்சினால் இரண்டரை நிமிடம். அதில் சூழலுக்கு இருபது, முப்பது விநாடி. விளைவுக்கும் அவ்வளவே. மீதி எல்லாம் செயலுக்கு. நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. பாதி நேரம் சூழலிலேயே போய், ‘அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது’ என்று செயல் ஒரே வரியில் முடிந்துவிடும்.

சூழலில் மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: என்ன வேலை, அதில் உங்கள் பொறுப்பு எது, எங்கே இடித்தது. சிலர் ‘பொறுப்பு’ என்பதைத் தனிப் பகுதியாகப் பிரித்து நான்கு பகுதியாகச் சொல்லித் தருவார்கள். இரண்டும் ஒன்றுதான். மூன்று பகுதியாகச் சொல்லும்போது பொறுப்பு சூழலுக்குள் ஒரு வாக்கியமாக வந்துவிடும், அவ்வளவே. அதை விட்டுவிட மட்டும் கூடாது. உங்கள் பொறுப்பு எது என்று தெரியாவிட்டால், பின்னால் நீங்கள் செய்தது கடமையா, அதைத் தாண்டியதா என்று கேட்பவருக்குப் புரியாது.

செயல் பகுதியில், நடந்த வரிசையில் மூன்று அல்லது நான்கு செயல்கள் வரட்டும். ஒவ்வொன்றோடும் ‘ஏன் அப்படிச் செய்தேன்’ என்று அரை வாக்கியம் சேருங்கள். என் தங்கையின் தோழி குரூப்பில் எழுதாமல் நேரில் போனாள் என்று சொன்னேன் அல்லவா? ஏன் போனாள் என்று கேட்டதற்கு, “எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார் அக்கா, பிரச்சினையைப் பார்க்க மாட்டார்” என்றாள். அந்த ஒரு வரியில் அவள் மனிதர்களைப் புரிந்துகொள்பவள் என்பது தெரிந்துவிடுகிறது. செயலை மட்டும் சொல்லியிருந்தால் தற்செயலாக நடந்ததாகக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு ஒரு தயக்கம் இருந்தது. “இதில் நான் பண்ணின தப்பும் வருதே அக்கா, சொல்லலாமா?”

“தாராளமாகச் சொல். ஆனால் தப்பு தெரிந்ததும் நீ என்ன செய்தாய் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடு” என்றேன். தன் பங்கில் இருந்த குறையைச் சொல்லும் பதிலைக் கேட்பவர் நம்புவார். அதே சமயம் அதற்கு விளக்கம், மன்னிப்பு என்று நீட்டிக்கொண்டே போனால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒரு வாக்கியம் தவறுக்கு, அடுத்தது நடவடிக்கைக்கு.

விளைவில், அளக்க முடிந்த ஒன்றும், டீமுக்குள் மாறிய ஒன்றும் இருக்க வேண்டும். அளக்க முடிந்தது என்றால் பெரிய சதவீதம் தேவையில்லை. எத்தனை பிழை எத்தனையாகக் குறைந்தது, எத்தனை நாள் மிச்சமானது, இப்படி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த எண் போதும். எண் நினைவில் இல்லையென்றால் கற்பனை செய்யாதீர்கள். “எப்படிக் கணக்கிட்டீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் அதுவரை சொன்ன எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகிவிடும். எண்ணே இல்லாவிட்டால், பார்க்க முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள்: நீங்கள் தொடங்கியதை அடுத்த டீமும் பின்பற்றியது, முன்பு பேசாதவர் இப்போது தானாக வந்து கேட்கிறார் என்பது போல.

அவள் கடைசியில் சொன்ன பதில்

“போன வருடம் எங்கள் நிறுவனம் வாடிக்கையாளர் பதிவுகளைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றியது. ஐந்து பேர் கொண்ட டீம். கிளைகளிலிருந்து வரும் ஃபைல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு, அவற்றை ஏற்றுவது ஒரு சக ஊழியரின் பொறுப்பு. புதிய சாஃப்ட்வேரைப் பயன்படுத்தத் தொடங்க ஆறு வேலை நாட்களே இருந்தபோது, ஒரு கிளையின் 3,000 பதிவுகளில் சுமார் 1,800 மறுக்கப்பட்டன. ஃபைல் தவறு என்று அவரும், ஏற்றும் முறை தவறு என்று நானும் குரூப்பில் வாதாடினோம்.

“அப்படியே போனால் இருவரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருப்போம் என்று தோன்றியதால், மறுநாள் காலை நேரில் போய், இருபது பதிவுகளைச் சேர்ந்து பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். மறுக்கப்பட்டவை எல்லாமே 13 அல்லது அதற்கு மேற்பட்ட தேதிகள் என்பதை அவர்தான் முதலில் கவனித்தார். அந்தக் கிளை மாதத்தை முதலில் எழுதியிருந்தது. அப்படியென்றால் மறுக்கப்படாத 1,200 பதிவுகளிலும் தேதி மாறியிருக்கும் என்று நான் சொன்னேன். சோதித்துப் பார்த்தோம், மாறியிருந்தது. தேதி வடிவத்தை முதலிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். அதை அன்றே டீம் லீடிடம் சொல்லி, அந்தக் கிளையின் பதிவுகள் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற ஒரு நாள் கேட்டேன். சக ஊழியர் பழையதை நீக்கினார், நான் தேதிகளைத் திருத்தினேன். நான் திருத்தியதை நானே சரிபார்த்தால் அதே தவறு மறுபடி நழுவும் என்பதால், அந்தக் கிளையில் ஒருவரிடம் ஐம்பது பதிவுகளைக் காகிதப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். குரூப்பில் நான் எழுதியது தவறு என்று அதே குரூப்பிலேயே எழுதினேன்.

“இரண்டாவது முறை 3,000-இல் 14 மட்டும் மறுக்கப்பட்டன, அவை உண்மையிலேயே தவறான பதிவுகள். திட்டமிட்ட நாளில் தொடங்கினோம். ஃபைலைக் கைமாற்றும் முன் பார்க்க வேண்டியதை நானும் அவரும் ஒரு பக்கமாக எழுதினோம். அடுத்து வந்த ஒரு கிளையின் ஃபைலில் இதே சிக்கலை ஏற்றுவதற்கு முன்பே அது பிடித்துக்கொடுத்தது.”

சத்தமாகப் படித்தால் இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். ‘ஒற்றுமையின் பலம்’ காணாமல் போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. 13 அல்லது அதற்கு மேற்பட்ட தேதிகளைக் கவனித்தது சக ஊழியர்தான் என்பதை அவள் முதலில் விட்டுவிட்டிருந்தாள். சேர்த்ததும் பதில் கூடுதல் பலமானது. உரிய பெயரை உரியவருக்குக் கொடுப்பதே டீம் வேலைக்கான சான்றுதான்.

நான்காம் படி: கேள்வி கொஞ்சம் மாறி வந்தால்

அதே சம்பவத்தை “சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பதற்கும் சொல்லலாம். அப்போது குரூப்பில் நடந்த வாதத்துக்கும் மறுநாள் காலை பேச்சுக்கும் நேரம் கூட்டி, பதிவுகளைத் திருத்திய பகுதியை ஒரு வரியாகச் சுருக்க வேண்டும். “டீமில் நீங்கள் செய்த தவறு?” என்று கேட்டால் தேதி வடிவத்தைப் பார்க்காமல் விட்டதும் டீம் லீடிடம் போய்ச் சொன்னதும் நடுவில் வர வேண்டும். ஒரே பதிலை மனப்பாடம் செய்துவிட்டு எந்தக் கேள்விக்கும் அதையே ஒப்பிப்பவர்களை உடனே அடையாளம் தெரிந்துவிடும். கேட்டது ஒன்று, அழுத்தம் விழுவது வேறொன்றில் என்று இருக்கும்.

அதனால் வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சின்ன அட்டையில் ஏழெட்டுக் குறிப்புகள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் அட்டையில் இருந்தவை: ‘1,800 – குரூப் சண்டை – நேரில் – 13 – 1,200 – லீட் – கிளையில் சரிபார்ப்பு – 14’. அதைப் பார்த்து மூன்று முறை, மூன்று விதமாகப் பேசிப் பாருங்கள். ஒரு முறையாவது போனில் பதிவு செய்து கேளுங்கள். செயல் பகுதி எந்த விநாடியில் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நாற்பது விநாடி தாண்டியும் சூழல் முடியவில்லை என்றால், அங்கேதான் வெட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: கிளைக்கேள்விகள்

பதில் முடிந்ததும் கேட்பவர் தோண்டுவார். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் தாளில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்பத்தான் பெரும்பாலும் கேட்கிறார். அடிக்கடி வருபவை மூன்று.

“அவரிடம் சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள்?” இதற்கு நீங்கள் உண்மையில் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். ‘பேசிப் புரியவைத்தேன்’ என்று எழுதிவைத்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

“அந்தச் சக ஊழியரைக் கேட்டால் இந்தச் சம்பவத்தை எப்படிச் சொல்வார்?” தயாரிக்கும்போதே இதற்கு உட்கார்ந்து யோசியுங்கள். அவர் பக்கத்தில் இருந்த நியாயத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் கதையில் அவர் வில்லனாகிவிட்டார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட சம்பவத்தை மாற்றிவிடுவது நல்லது.

“மறுபடி அதே நிலை வந்தால் வேறு என்ன செய்வீர்கள்?” ‘எதையும் மாற்ற மாட்டேன்’ என்று சொன்னால் யோசிக்கவே இல்லை என்று தோன்றும். ‘இன்னும் நன்றாகத் தொடர்புகொள்வேன்’ என்பதும் காற்றில் போகும் பதில். நாள், இடம், செயல் என்று கையில் பிடிக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அவளிடம் இதைத்தான் கேட்டார்கள். “முதல் ஃபைல் வந்த அன்றே ஒவ்வொரு கிளையிலிருந்தும் பத்துப் பதிவுகளை மட்டும் ஏற்றிப் பார்க்கச் சொல்லி அவரிடம் கேட்டிருப்பேன். அந்தப் பத்தையும் இருவரும் சேர்ந்து திரையில் பார்த்திருப்போம்” என்று சொன்னாளாம். கேட்டவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார் என்று அன்று மாலை போனில் சொன்னாள்.